54-ஆவது மூவ்

"அப்பா, நான் ரூக்கை மாத்தினதுதான் தப்பா? மாத்தாம இழுத்துட்டே போயிருந்தா டிரா ஆயிருக்குமா? டீம்ல எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. இனிமே எண்ட்கேம்ல ரூக்கை மாத்தவே போறதில்லை. வேற எங்கயாவது தப்பு பண்ணியிருந்தா சொல்லுங்க."

தம்பி,

ரூக்கை, அதாவது யானையை, மாற்றியது தப்பில்லை. அது நல்ல மூவ். நீ தோற்றது அதற்கு ஐந்து மூவ் கழித்து, 54-இல்.

நேற்று போனில் இதைச் சொல்ல வந்தேன். நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிட்டாய். தோற்ற அன்று யார் சொன்னாலும் காதில் ஏறாதுதான். அதனால் எழுதுகிறேன். செஸ் போர்டை எடுத்து வைத்துக்கொண்டு படி. நான் இங்கே ரூமில் இருக்கும் பழைய செட்டில் நீ அனுப்பிய ஸ்கோர் ஷீட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தேன். இந்த செட்டில் கறுப்பு ராஜாவைக் காணோம், ஒரு சோடா மூடியை வைத்திருக்கிறேன். உன் ராஜா இப்போது சோடா மூடி.

14-ஆவது மூவில் c-சிப்பாயைக் கோட்டை விட்டாய். குதிரை இரண்டு இடத்தைக் குறி வைத்தது, நீ ஒன்றைத்தான் பார்த்தாய். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, அது உனக்கே தெரியும். ஆனால் அதற்குப் பிறகு முப்பது மூவுக்கு மேல் ஒரு சிப்பாய் குறைவாக வைத்துக்கொண்டு நன்றாகத்தான் தாக்குப் பிடித்திருக்கிறாய். மற்ற காய்களையெல்லாம் ஒவ்வொன்றாக மாற்றி, அவனிடம் ஒரே ஒரு சிப்பாய்தான் மிச்சம் என்ற நிலைக்குக் கொண்டு வந்துவிட்டாய். 49-இல் அவன் யானையை d4-இல் வைத்து மாற்றக் கேட்டான். நீ மாற்றினாய். உன் ராஜா e6-க்கு வந்தது. அந்த இடத்தில் நிறுத்து.

வெள்ளை: ராஜா d4, சிப்பாய் e4. நீ: ராஜா e6, வேறு எதுவும் இல்லை. மூவ் அவனுடையது. இது டிரா. எனக்குத் தோன்றுகிறது என்பதற்காகச் சொல்லவில்லை. ஏழு காய்கள் வரை உள்ள நிலைகளுக்கெல்லாம் கணினியில் கடைசி மூவ் வரை விடை கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள், இங்கே இருப்பதோ மொத்தம் மூன்றே காய். அவன் ராஜாவை c5-க்குக் கொண்டுபோனால் நீ e5-க்குப் போய் சிப்பாயைப் பிடித்துவிடுவாய். வேறு எங்கே போனாலும் நீ e5-இல் போய் உட்கார்ந்துகொள்வாய். ஆகவே e5 என்று தள்ளினான். அதற்குப் பிறகு நடந்தது இது:

```
51. e5   Ke7
52. Kd5  Kd7
53. e6+  Ke7
54. Ke5  Kf8
55. Kf6  Ke8
56. e7   Kd7
57. Kf7
```

முதலில் 52-ஐப் பார். அவன் ராஜா d5-க்கு வந்ததும் நீ d7-க்குப் போனாய். இரண்டு ராஜாவும் ஒரே வரிசையில் நேருக்கு நேர், நடுவில் ஒரு கட்டம். கோச் இதைத்தான் ஆப்போசிஷன் என்று சொல்லிக் கொடுத்திருப்பார். அந்த நிலையில் d7-க்குப் போவது ஒன்றுதான் டிரா. மற்ற எங்கே போனாலும் தோல்வி. f7-க்குப் போயிருந்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்: அவன் d6, நீ e8, அவன் e6. இப்போது அவன் ராஜா சிப்பாய்க்கு முன்னால், ஆறாவது வரிசையில் வந்து நிற்கிறது. மூவ் உன்னுடையது. நீ d8 போனால் அவன் f7, f8 போனால் அவன் d7. அவ்வளவுதான், சிப்பாய் ராணி ஆகப்போவதை யாராலும் தடுக்க முடியாது. நீ அந்தக் குழியைத் தாண்டிவிட்டாய். d7-இல் நின்றதால் c6, d6, e6 மூன்றையும் உன் ராஜா அடைத்துக்கொண்டது. அவன் ராஜாவுக்கு முன்னால் போக வழியே இல்லாமல், சிப்பாயைத் தள்ளி செக் கொடுத்தான். அவன் வேறு வழியில்லாமல் கொடுத்த செக் அது. உனக்கு அது ஆபத்தாகத் தெரிந்திருக்கும். உண்மையில் அது நல்ல செய்தி.

நீ e7-க்கு வந்தாய். அவன் e5-க்கு வந்து சிப்பாயைக் காத்தான். இதுதான் அந்த நிலை. இதிலேயே கொஞ்ச நேரம் இரு.

உன் ராஜா e7-இல். அவன் சிப்பாய் e6-இல். அவன் ராஜா e5-இல். மூவ் உன்னுடையது. முன்னால் போக முடியாது. d7, f7 இரண்டையும் சிப்பாய் பார்த்துக்கொண்டிருக்கிறது. மிச்சம் இருப்பது பின்வரிசையில் மூன்று கட்டம்: d8, e8, f8. இந்த மூன்றில் இரண்டு தோல்வி, ஒன்று டிரா.

ஏன் f8 போனாய் என்று கேட்டதற்கு, "அவன் f6-க்கு வருவான்னு தோணுச்சு, அதான் முன்னாடியே போய் எதிர்ல நின்னேன்" என்றாய். இந்த பதில்தான் எனக்கு ஸ்கோர் ஷீட்டைவிட உதவியது. நீ ஆப்போசிஷனை மறக்கவில்லை. ஞாபகம் வைத்திருந்தாய், ஆனால் ஒரு மூவ் சீக்கிரமாகச் செய்துவிட்டாய். நேருக்கு நேர் நிற்பது மட்டும் போதாது. அப்படி நிற்கும்போது மூவ் யாருடையது என்பதுதான் விஷயம். நீ f8-இல் காத்திருக்கிறாய், அவன் f6-க்கு வருகிறான். இப்போது நேருக்கு நேர். ஆனால் நகர வேண்டியவன் நீ. நகர்ந்தாக வேண்டியவனுக்குத்தான் நஷ்டம். நீ e8-க்குப் போகிறாய், அவன் சிப்பாயை e7-க்குத் தள்ளுகிறான், உன் ராஜாவுக்கு d7 தவிர வேறு கட்டம் இல்லை, அவன் f7. முடிந்தது.

இப்போது சோடா மூடியை மறுபடி e7-இல் வைத்து, நேராகப் பின்னால் e8-க்கு இழு. நேருக்கு நேர் நிற்பதை நீயாகவே விட்டுக்கொடுத்த மாதிரி தெரியும். ஆனால் e8-இலிருந்து d8-உம் ஒரு கட்டம்தான், f8-உம் ஒரு கட்டம்தான். அவன் d6-க்கு வந்தால் நீ d8. அவன் f6-க்கு வந்தால் நீ f8. அவன் எந்தப் பக்கம் வந்தாலும் அவன் வந்த பிறகு நீ எதிரே போய் நிற்கிறாய், நகர வேண்டியவன் அவன். f8-இல் நின்றால் இந்த வசதி கிடையாது: அவன் d6-க்குப் போனால் d8 உனக்கு இரண்டு கட்டம் தூரம், எட்டாது. f6-க்கு வந்தால் நீ ஏற்கெனவே அங்கே நிற்கிறாய், அதனால்தான் மாட்டிக்கொள்கிறாய். d8-க்கும் இதே கதைதான், இடது வலது மாறும், அவ்வளவே.

e8-க்குப் பிறகு கடைசி வரை நகர்த்திப் பார். அவன் d6, நீ d8. அவன் e7, செக். நீ e8. இப்போது அவன் ராஜா சிப்பாயைக் காக்க வேண்டும் என்றால் e6-க்கு வர வேண்டும். வந்தால் உன் ராஜாவுக்குச் செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை. ஸ்டேல்மேட், அதுவும் டிராதான். வேறு எங்கே போனாலும் சிப்பாயை நீ தின்றுவிடுவாய். அவன் தள்ளாமல் e5-க்குத் திரும்பினால் நீயும் e7-க்குத் திரும்பு. மறுபடி அதே கேள்வி வரும், மறுபடி அதே e8. இரண்டாவது முறை சலிப்பில் f8 போனால் அப்போதும் தோல்விதான், அதில் பாவ புண்ணியம் கிடையாது.

போர்டில் உட்கார்ந்திருக்கும்போது இவ்வளவும் எண்ணிப் பார்க்க நேரம் இல்லை என்றால், ஒரே ஒரு அடையாளத்தைப் பார். சிப்பாய் ஏழாவது வரிசைக்கு வரும்போது செக்கோடு வருகிறதா, செக் இல்லாமல் வருகிறதா? அவன் ராஜா பக்கத்தில் இருந்து சிப்பாயைத் தள்ளும் இந்த மாதிரி நிலையில், செக்கோடு வந்தால் உனக்கு டிரா. செக் இல்லாமல் நைசாக வந்து நின்றால் நீ தோற்றாய். ஏனென்றால் செக் வந்தால் நீ அதன் முன்னால் போய் அடைத்துக்கொள்ளலாம். செக் இல்லாமல் வரும்போது நீ ஏற்கெனவே அதன் முன்னால்தான் நிற்கிறாய், அங்கிருந்து விலகியாக வேண்டும். உன் ஸ்கோர் ஷீட்டில் 56-ஐப் பார், e7-க்குப் பக்கத்தில் பிளஸ் குறி இல்லை. நீ e8 போயிருந்தால் அங்கே ஒரு பிளஸ் குறி எழுதியிருப்பாய். அந்தச் சின்னப் பிளஸ் குறிதான் அரைப் புள்ளி.

இந்த இடத்தில் என் கதை ஒன்று. உன் வயதில் நான் இதே எண்ட்கேமைத் தோற்றிருக்கிறேன், பள்ளிக்கூட மேட்சில் அல்ல, ஊர் நூலகத்துக்குப் பக்கத்தில் டீக்கடை பெஞ்சில். எதிரில் ரிட்டையர் ஆன தபால்காரர். நானும் ஓரமாகத்தான் போனேன். அவர் ஜெயித்துவிட்டு மூன்று காயை மட்டும் திரும்ப வைத்து, "இப்ப நீ வெள்ளை, நான் கறுப்பு, ஜெயி பாப்போம்" என்றார். டீ ஆறும் வரை முயன்றேன். அவர் ஒவ்வொரு தடவையும் நேராகப் பின்னால் இழுத்தார், ஒரு விளக்கமும் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஏன் நேராகப் பின்னால் என்பது எனக்கே புரிய இன்னும் பல மாதம் ஆயிற்று. உனக்கு அந்த எரிச்சல் வேண்டாம் என்றுதான் காரணத்தையும் சேர்த்து எழுதினேன்.

அப்புறம், யானை விஷயம். "மாற்றவே போறதில்லை" என்று நீ எழுதியதுதான் எனக்குக் கவலை. தோற்ற ஆட்டத்தில் நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவது பெரிய சம்பவம்தான். யானை போனது பெரிய சம்பவம். ராஜா ஒரு கட்டம் நகர்ந்தது சம்பவமாகவே தெரியாது. அதனால் பழி யானை மேல் விழுகிறது. அடுத்த மேட்சில் ஒரு சிப்பாய் குறைவாக இருக்கும்போது, மாற்றினால் சுலபமான டிரா என்ற இடத்தில் நீ மாற்றாமல் ஓடிக்கொண்டிருப்பாய், அங்கே தோற்பாய்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப்பின் 14-ஆவது ஆட்டம் உனக்கு நினைவிருக்கும். குகேஷ் ஜெயித்த அன்று நாம் இருவரும் போனில்தான் பேசிக்கொண்டிருந்தோம். டிங் லிரென் ஒரு சிப்பாய் குறைவு, இரண்டு பக்கமும் யானையும் பிஷப்பும் இருந்தன. 55-இல் அவர் யானையை f2-இல் வைத்து மாற்றக் கேட்டார். குகேஷ் யானையை மாற்றிவிட்டு, உடனே பிஷப்பை d5-இல் வைத்தார். டிங்கின் பிஷப் a8 மூலையில் இருந்தது, அதற்குத் தப்ப வழியில்லை, அதுவும் மாறியே ஆக வேண்டும். மாறினால் மிச்சம் ராஜாவும் சிப்பாய்களும் மட்டும், அதில் குகேஷுக்கு வெற்றி. 58-இல் டிங் ரிசைன் செய்தார். அங்கே யானையை மாற்றக் கேட்டதுதான் தப்பு. உன் ஆட்டத்தில் யானையை மாற்றியது சரி. இரண்டிலும் ஒரு சிப்பாய் குறைவு, இரண்டிலும் யானை மாறியது. வித்தியாசம் மாறிய பிறகு போர்டில் என்ன இருக்கிறது என்பதில்தான். அதனால் மாற்றுவதற்கு முன் நீ கேட்டுக்கொள்ள வேண்டியது "மாற்றலாமா கூடாதா" என்பது அல்ல. மாற்றியதாக நினைத்துக்கொண்டு, மிச்சம் இருக்கும் காய்களை மனதில் வை, மூவ் யாருடையது என்று பார், அதன் முடிவு உனக்குத் தெரியுமா என்று பார். 49-இல் நீ இதைச் செய்தாயா, சும்மா கை போன போக்கில் மாற்றினாயா என்று எனக்கு வந்து சொல். முடிவு சரி என்றாலும் இரண்டும் ஒன்றல்ல.

கணினியில் போட்டுப் பார்த்தேன் என்றாய். அது 54-க்கு முன்னால் 0.0 என்று காட்டும், 54-க்குப் பின்னால் திடீரென்று எகிறும். எங்கே என்று சொல்லிவிடும், ஏன் என்று சொல்லாது. எகிறிய இடத்தைத் தெரிந்துகொண்டதும் அதை மூடிவிடு. போர்டில் அந்த நிலையை வைத்து, இரண்டு பக்கமும் நீயே ஆடு, மூன்று கட்டத்தையும் ஒவ்வொன்றாகக் கடைசி வரை ஆடிப் பார். இந்த மூன்றுக்கும் சேர்த்துப் பத்து நிமிஷம் ஆகாது. அந்த மேட்சில் மூவுக்கு 30 விநாடி கூடுதலாகக் கிடைத்தது, உன் கடிகாரத்தில் அதற்கு மேலும் நேரம் இருந்தது என்று நீயே சொன்னாய். 54-ஐ உடனே ஆடிவிட்டாய். மூன்று கட்டம்தான் இருக்கிறது என்று எண்ணியிருந்தால்கூடப் போதும், அங்கே நின்றிருப்பாய்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் "நேராகப் பின்னால்" என்று மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த இடத்தில் மாட்டிக்கொள்வாய். 52-இல் நேராகப் பின்னால் e8 போயிருந்தால் அவன் e6-க்கு வந்து ஜெயித்திருப்பான். நேராகப் பின்னால் என்பது சிப்பாய் அவன் ராஜாவுக்கு முன்னால் வந்து உன்னை இடிக்கும்போது. அவன் ராஜா சிப்பாய்க்கு முன்னால் வர முயலும்போது எதிரே போய் அடைக்க வேண்டும். ஓரத்துச் சிப்பாய், அதாவது a அல்லது h என்றால் கணக்கே வேறு, மூலையில் உன் ராஜா உட்கார்ந்துவிட்டால் அவனால் வெளியே தள்ளவே முடியாது. அதை நேரில் காட்டுகிறேன்.

அதுவரை உனக்கு இரண்டு நிலை. வெள்ளை ராஜா e5, கறுப்பு ராஜா e7, வெள்ளைச் சிப்பாய் e4. மூவ் வெள்ளையுடையது. நீ கறுப்பு, டிரா செய். முடிந்ததும் எல்லாம் அப்படியே இருக்கட்டும், சிப்பாயை மட்டும் ஒரு கட்டம் பின்னால், e3-இல் வை. மூவ் வெள்ளையுடையதுதான். இப்போது உன்னால் டிரா செய்ய முடியாது. ஏன் என்று இரண்டு வரி எழுதி வை. தங்கச்சியை வெள்ளை ஆடச் சொல், அவளுக்கு e3 பிடிக்கும்.

சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் கிளம்புகிறேன். ஞாயிறு காலையில் வந்து சேர்ந்ததும் பார்க்கிறேன். வீட்டில் இருக்கும் செட்டில் ஒரு கறுப்பு ராஜா உபரியாகக் கிடந்தது, தேடி எடுத்து வை, எனக்கு இங்கே வேண்டும்.

அப்பா